a, b இரண்டும் கையில் இருந்தால் ஒரு வாயுவின் அவதி வெப்பநிலையும் அவதி அமுக்கமும்: சறுக்காமல் கணிக்க ஒரு வழிகாட்டி

முதலாம் வருடத்தில் ஒரு பயிற்சித்தாளில் காபனீரொட்சைட்டின் அவதி வெப்பநிலையைக் கணித்து 300.0 கெல்வின் என்று எழுதிக் கொடுத்தேன். சூத்திரம் சரி, பெருக்கல் சரி, கணிப்பானில் தட்டியதும் சரி. ஆனால் விடை பிழை. எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளை உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தரத்தான் இதை எழுதுகிறேன்.

உயர்தரம் முடித்து, வந்தர்வாலின் சமன்பாட்டை "இலட்சிய வாயுச் சமன்பாட்டுக்கு இரண்டு திருத்தம்" என்ற அளவில் மட்டும் தெரிந்துகொண்டு வருபவர்களுக்கானது இது. தமிழ்நாட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் நான் அவதி வெப்பநிலை என்னும் இடத்தில் நிலைமாறு வெப்பநிலை என்றும், அமுக்கம் என்னும் இடத்தில் அழுத்தம் என்றும் வாசித்துக்கொள்ளுங்கள்.

## 1. முதலில் மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை

மூன்று சாமான் போதும். a, b பெறுமானங்கள் உள்ள அட்டவணை, வாயு மாறிலி R, ஒரு கணிப்பான். உயர்தர இரசாயனவியல் பரீட்சையில் கணிப்பானைத் தொட விடாததால் நம்மில் பலருக்கு அதில் கைப்பழக்கம் இல்லை. அதனால் வரும் வில்லங்கத்தை நான்காம் படியில் சொல்கிறேன்.

செலவு என்று பார்த்தால் அட்டவணையின் போட்டோக்கொப்பிக் காசு மட்டும்தான். ஆனால் நான் மாட்டியதும் அந்தக் கொப்பியில்தான். புத்தகத்தைக் கண்ணாடியில் சற்றுக் கீழே தள்ளி வைத்திருக்கிறார்கள். பக்கத்தின் மேல்விளிம்பு வெட்டுப்பட்டு, எண்கள் எல்லாம் வந்தன, நிரல்களின் தலைப்பில் இருந்த அலகு மட்டும் வரவில்லை. கடையை விட்டு இறங்குவதற்கு முன் அந்தத் தலைப்பு வரி கொப்பியில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் பேனையால் எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு அரை நிமிடம் போதும்.

நேரம்: முதல் தடவை, சூத்திரத்தைப் பெறுவதோடு சேர்த்து, அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். பழகிய பிறகு ஒரு வாயுவுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது.

## 2. a என்ன செய்கிறது, b என்ன செய்கிறது

ஒரு மூல் வாயுவுக்குச் சமன்பாடு இது:

```
(P + a/V²)(V − b) = RT
```

a என்பது மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் கவர்ச்சிக்கான திருத்தம். b என்பது மூலக்கூறுகள் தாமே அடைத்துக்கொள்ளும் இடத்துக்கான திருத்தம். வாயுவைத் திரவமாக்கப் பார்ப்பது கவர்ச்சி, அதைக் குலைக்கப் பார்ப்பது வெப்ப இயக்கம். ஒரு வெப்பநிலைக்கு மேலே போனால் எவ்வளவு அமுக்கினாலும் கவர்ச்சி வெல்லாது. அந்த எல்லைதான் அவதி வெப்பநிலை Tc. அந்த எல்லையில் நின்று வாயுவைத் திரவமாக்கத் தேவைப்படும் அமுக்கம்தான் அவதி அமுக்கம் Pc.

ஆகவே b அதிகம் மாறாமல் a பெரிதானால் Tc உயர வேண்டும் என்பதைக் கணிக்காமலே சொல்லலாம். விடை வந்த பிறகு இதை ஒரு தடவை நினைத்துப் பார்ப்பது நல்லது. ஈலியத்தின் a மிகச் சிறியது, அதன் Tc ஐந்து கெல்வினைச் சற்றே தாண்டுகிறது. அமோனியாவின் a பெரியது, அதன் Tc நானூறைத் தாண்டுகிறது.

## 3. சூத்திரத்தை மனனம் செய்யாமல் பெறுவது

வகுப்பில் பெரும்பாலும் வகையிட்டுக் காட்டுவார்கள். அவதிப் புள்ளி சமவெப்ப வளையியில் ஒரு விபத்திப் புள்ளி, ஆகவே முதலாம் வகையீடும் இரண்டாம் வகையீடும் பூச்சியம் என்று தொடங்குவார்கள். அது சரியான வழிதான். ஆனால் பரீட்சை மண்டபத்தில் குறியைத் தவறவிட அதைவிட வசதியான இடம் கிடையாது. எனக்குப் பிடித்தது அடுத்த வழி.

மேலே உள்ள சமன்பாட்டைப் பெருக்கி விரித்து P ஆல் வகுத்தால் V இல் ஒரு முப்படிச் சமன்பாடு வரும்:

```
V³ − (b + RT/P)V² + (a/P)V − ab/P = 0
```

குறைந்த வெப்பநிலையில், ஒரே அமுக்கத்தில், இதற்கு மூன்று வெவ்வேறு மெய்த் தீர்வுகள் கிடைக்கும். சிறியது திரவத்தின் கனவளவு, பெரியது வாயுவின் கனவளவு, நடுவில் உள்ளதற்குப் பௌதிகக் கருத்து இல்லை. வெப்பநிலையைக் கூட்டக் கூட்ட இந்த மூன்றும் நெருங்கி வரும். அவதிப் புள்ளியில் மூன்றும் ஒன்றாகிவிடும். திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையே வேற்றுமை மறைகிறது என்பதை அட்சரகணிதம் இப்படித்தான் சொல்கிறது. மூன்று தீர்வும் ஒன்றானால் சமன்பாடு (V − Vc)³ = 0 ஆக இருக்க வேண்டும். அதை விரித்து உறுப்புக்கு உறுப்பு ஒப்பிடுங்கள்:

```
3Vc  = b + RTc/Pc
3Vc² = a/Pc
Vc³  = ab/Pc
```

கடைசி வரியை நடு வரியால் வகுத்தால் a யும் Pc யும் வெட்டுப்பட்டு Vc = 3b வந்துவிடும். அதை நடு வரியில் இட்டால் Pc வரும். இரண்டையும் முதல் வரியில் இட்டால் Tc வரும்:

```
Vc = 3b
Pc = a / (27 b²)
Tc = 8a / (27 R b)
```

எட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முதல் வரியில் 9b இலிருந்து b யைக் கழித்தால் 8b. அவ்வளவுதான். இதை ஒரு தடவை கையால் செய்து பார்த்தவர்கள், எட்டு Tc க்கா Pc க்கா என்று பரீட்சையில் தடுமாற மாட்டார்கள். R எங்கே வரும் என்றும் குழம்ப வேண்டாம். வெப்பநிலைதான் சமன்பாட்டில் R உடன் ஒட்டிக்கொண்டு வருகிறது, ஆகவே Tc யில் மட்டும்தான் R இருக்கும்.

## 4. எண்களை இடுவது: காபனீரொட்சைட்டு

பழைய அட்டவணைகள் பலவற்றில் உள்ள பெறுமானங்களையே எடுப்போம். b = 0.04267 லீற்றர்/மூல். a வளிமண்டல அலகில் 3.592, பார் அலகில் 3.640. இரண்டும் ஒரே a தான், ஒரு வளிமண்டலம் 1.01325 பார் என்பதால் எண் மாறுகிறது. புதிய அட்டவணைகளில் a, b இரண்டும் சற்றே வேறாக இருக்கலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு அட்டவணையிலிருந்து a யையும் இன்னொன்றிலிருந்து b யையும் எடுக்கக்கூடாது, இரண்டும் சோடி.

பார் அலகில் செய்தால் R = 0.08314:

```
Tc = 8 × 3.640 / (27 × 0.08314 × 0.04267)
   = 29.12 / 0.09578 = 304.0 K

Pc = 3.640 / (27 × 0.04267²)
   = 3.640 / 0.04916 = 74.0 bar
```

வளிமண்டலத்தில் செய்தால் a = 3.592, R = 0.08206. Tc அதே 304.0 தான் வரும். Pc 73.1 வளிமண்டலம், அதை 1.01325 ஆல் பெருக்கினால் திரும்பவும் 74.0 பார். பரிசோதனையில் அளந்த பெறுமானங்கள் 304.1 கெல்வின், அதாவது 31 பாகை செல்சியசு, மற்றும் 73.8 பார். நெருக்கமாக இருக்கிறது. ஏன் இவ்வளவு நெருக்கம் என்பதற்கு ஆறாம் படியில் வருகிறேன், அது சந்தோசப்பட வேண்டிய விசயமில்லை.

கணிப்பானில் கவனிக்க வேண்டியது பகுதி எண்ணுக்கு அடைப்புக்குறி போடுவது. `8×3.640÷27×0.08314×0.04267` என்று நேராகத் தட்டினால் கணிப்பான் 27 ஆல் மட்டும் வகுத்துவிட்டு மற்ற இரண்டையும் பெருக்கிவிடும். திரையில் 0.0038 என்று வரும். Pc யில் b இன் வர்க்கத்தை மறப்பதும் இதே வகை.

சர்வதேச அலகுக்கு மாற்றித்தான் செய்வேன் என்பவர்களுக்கு ஒன்று. b யில் லீற்றரை கனமீற்றராக்க 10⁻³ ஆல் பெருக்க வேண்டும். a யில் லீற்றர் வர்க்கத்தில் இருக்கிறது, ஆகவே 10⁻⁶. பாரைப் பஸ்கலாக்க 10⁵. மூன்றும் சேர்ந்து a = 0.3640, b = 4.267×10⁻⁵, R = 8.314. a க்கும் 10⁻³ போட்டவர்களுக்கு அவதி வெப்பநிலை மூன்று இலட்சத்து நான்காயிரம் கெல்வின் என்று வரும். அது சூரியனின் மேற்பரப்பைவிட ஐம்பது மடங்கு சூடு என்பதால் யாரும் பார்த்தவுடன் நிறுத்திவிடுவார்கள். இந்த மாதிரிப் பெரிய பிழைகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அவை தாமாகவே கத்திவிடும். சத்தம் போடாத பிழைதான் அடுத்தது.

## 5. என்னை மாட்டிவைத்த பிழை

தலைப்பு வெட்டுப்பட்ட கொப்பியில் எனக்கு a = 3.592 என்று இருந்தது. எல்லாம் இப்போது பார்தானே என்று நினைத்து R = 0.08314 ஐ எடுத்தேன்:

```
8 × 3.592 / (27 × 0.08314 × 0.04267) = 300.0 K
```

பிழை ஒன்றரை வீதம்கூட இல்லை. எண்ணைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் பயிற்சியின் அடுத்த பகுதி, "28 பாகை அறையில் இந்த வாயுவை அமுக்கித் திரவமாக்க முடியுமா?" என்று கேட்டது. 28 பாகை என்றால் 301 கெல்வின். என் விடைப்படி அறை அவதி வெப்பநிலைக்கு மேலே இருக்கிறது, ஆகவே முடியாது என்று எழுதினேன். உண்மையில் 304 க்குக் கீழே இருப்பதால் முடியும், கிட்டத்தட்ட 69 பாரில் அது திரவமாகத் தொடங்கும். ஒரு பகுதியில் விட்ட பிழை இரண்டு பகுதிப் புள்ளியையும் கொண்டுபோனது.

சரிபார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். சரிபார்த்தேன். எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. PcVc/RTc எப்போதும் 3/8, அதாவது 0.375 வர வேண்டும். நான் போட்டுப் பார்த்தேன், 73.07 × 0.1280 ஐ 0.08314 × 300.0 ஆல் வகுத்தால் அச்சொட்டாக 0.375. அதை நம்பித்தான் இரண்டு நாள் பெருக்கலையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எங்கள் ஊரில் இரண்டு வருடம் மேலே படித்த ஒரு அக்காவிடம் தாளைக் கொண்டுபோனேன். அவ சூத்திரத்தைப் பார்க்கவேயில்லை. கொப்பியின் மேல்விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த a என்ன அமுக்கத்தில இருக்கு?" என்றா. எனக்குப் பதில் தெரியவில்லை. "அது தெரியாம R எடுக்கலாமா? 0.375 உன்ர அட்சரகணிதத்தைத்தான் சோதிக்கும், அலகைச் சோதிக்காது. பிழையான R ஐ மேலயும் போட்டு கீழயும் போட்டா அது தன்னத்தானே வெட்டிக்கொண்டு போயிரும்."

ஆகவே ஒழுங்கு இது: முதலில் a இன் அலகைப் பாருங்கள், அதில் உள்ள அமுக்க அலகைப் பார்த்து R ஐத் தெரிவு செய்யுங்கள். வளிமண்டலம் என்றால் 0.08206, பார் என்றால் 0.08314. தலைப்பு இல்லாத அட்டவணை கையில் கிடைத்தால் காபனீரொட்சைட்டின் வரியைத் தேடுங்கள். 3.59 என்று இருந்தால் வளிமண்டலம், 3.64 அல்லது 3.66 என்று இருந்தால் பார். 0.36 என்று இருந்தால் சர்வதேச அலகு. இந்த ஒரு வாயுவின் எண்ணை மட்டும் மனதில் வைத்திருந்தால் முழு அட்டவணையின் அலகும் தெரிந்துவிடும்.

## 6. விடை ஏன் இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது

இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை. அட்டவணைகளில் உள்ள a, b பெறுமானங்கள் பெரும்பாலும் அளந்த Tc, Pc யிலிருந்தே பின்னோக்கிக் கணிக்கப்பட்டவை:

```
a = 27 R² Tc² / (64 Pc)
b = R Tc / (8 Pc)
```

அப்படிக் கணித்த a, b யை எடுத்துத் திரும்ப Tc, Pc யைக் கணித்தால் போட்ட காசு திரும்பி வருகிறது, அவ்வளவுதான். ஆகவே அறிக்கையில் "விடை பரிசோதனையுடன் பொருந்துவதால் சமன்பாடு சரியானது" என்று எழுதிவிடாதீர்கள். நான் எழுதியிருக்கிறேன், சிவப்புப் பேனையால் நீளமான ஒரு கோடு கிடைத்தது.

உண்மையான சோதனை Vc யில்தான் இருக்கிறது, ஏனென்றால் a, b யைத் தீர்மானிக்கும்போது அதைப் பயன்படுத்தவில்லை. 3b என்பது காபனீரொட்சைட்டுக்கு மூலுக்கு 128 கனசென்ரிமீற்றர். அளந்த பெறுமானம் 94. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். 0.375 என்று நாம் பெருமையாகச் சொல்லும் விகிதமும் உண்மையான காபனீரொட்சைட்டுக்கு 0.274 தான். சமன்பாட்டில் இருப்பது இரண்டு மாறிலி, பொருத்த வேண்டியது மூன்று கணியம். இரண்டைப் பொருத்தினால் மூன்றாவது கையை விட்டுப் போகும். Vc யைச் சரியாக்குவோம் என்று b யை 94 இன் மூன்றில் ஒரு பங்காக எடுத்து, Tc யையும் சரியாக வைத்துக்கொண்டால் Pc ஏறத்தாழ 101 பாராக எகிறும். அளந்ததோ 73.8. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு பக்கம் குட்டையாகிற போர்வை மாதிரி.

நடைமுறையில் இதன் பொருள்: Tc, Pc இரண்டையும் a, b யிலிருந்து எடுங்கள், நம்பலாம். Vc யை 3b என்று எடுத்து அதிலிருந்து அடர்த்தி கணிக்காதீர்கள்.

## 7. வந்த எண்ணை நம்மூரில் வைத்துப் பார்ப்பது

விடையைக் கெல்வினில் விட்டுவிட்டு எழுந்து போகாமல் 273 ஐக் கழித்து நம் காலநிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மட்டக்களப்பில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பகல் வெப்பநிலை 33, 34 பாகைக்குப் போகும். காபனீரொட்சைட்டின் Tc 31 பாகை. அலுவலகச் சுவரில் தொங்கும் கறுப்புப் புனல் வைத்த தீயணைப்பானுக்குள் இருப்பது அந்த வாயுதான். விடியற்காலையில் அதற்குள் திரவம் இருக்கும். தகரக் கூரையின் கீழ் மத்தியானம் ஆகும்போது திரவம், வாயு என்ற பிரிவே உள்ளே இருக்காது. அதே சிலிண்டர், அதே நிறை. அப்படியான தீயணைப்பானில் அமுக்கமானி இல்லாததற்கும் அதை நிறுத்துப் பார்த்தே பரிசோதிப்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. உள்ளே திரவம் இருக்கும்வரை அமுக்கம் வெப்பநிலையைத்தான் சொல்லும், எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது.

குசினியில் இருக்கும் காஸ் சிலிண்டரில் இந்தப் பிரச்சினை இல்லை. அதில் உள்ள புரொப்பேனுக்கு a = 9.39 (பார் அலகில்), b = 0.0905. போட்டுப் பாருங்கள், Tc 369.8 கெல்வின், 97 பாகை. பியூட்டேனுக்கு அதைவிடக் கூட. கச்சான் எவ்வளவு சுட்டாலும் அங்கே எட்டாது, ஆகவே சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தளும்புவது எப்போதும் கேட்கும். நைதரசன் மற்றப் பக்கம். a = 1.370, b = 0.0387 என்று இட்டால் 126 கெல்வின், பூச்சியத்துக்குக் கீழே 147 பாகை. அதை அறை வெப்பநிலையில் எவ்வளவு அமுக்கினாலும் வாயுவாகவே இருக்கும்.

## 8. செய்து பார்க்க ஒன்று

ஐஸ் தொழிற்சாலைகளில் குளிரூட்டப் பயன்படும் அமோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். a = 4.170 (வளிமண்டல அலகில்), b = 0.03707 லீற்றர்/மூல். விடை Tc = 406.2 கெல்வின், Pc = 112.4 வளிமண்டலம். 400.9 வந்தவர்கள் ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.